கதவுக்குப் பின்னால் தொங்கும் அட்டை

நெடுஞ்சாலை ஓரத்து உணவகங்களில் கழிப்பறைக் கதவின் உட்பக்கம் ஒரு கிளிப் போர்டு தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். மணிக்கு ஒரு வரிசை. தரை, கம்மோடு, வாஷ்பேசின், கண்ணாடி, சோப்பு, குப்பைக் கூடை என்று கட்டங்கள். எல்லாவற்றிலும் டிக், கடைசிக் கட்டத்தில் ஒரு கையெழுத்து. அடுத்த முறை அதைச் சற்று உன்னிப்பாகப் பாருங்கள். காலை 8 மணி முதல் மாலை 5 மணி வரை எல்லா டிக்கும் ஒரே பேனாவில், ஒரே சாய்வில், ஒரே மூச்சில் போட்டதாக இருக்கும். உங்கள் கைக்கடிகாரத்தில் அப்போது மணி மூன்றரைதான் ஆகியிருக்கும்.

துப்புரவு செய்கிறவரின் சோம்பல் என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. என்னைக் கேட்டால் தப்பு அந்த அட்டையில்தான் இருக்கிறது. அது கேட்பது ஒரே ஒரு கேள்வி: செய்தாயா? வேலைக்குப் பயந்தவர், பயப்படாதவர் யாராக இருந்தாலும் அதற்கு ஒரே பதில்தான் எழுதுவார். முதலாளிக்கும் அந்தப் பதிலால் ஒரு பயனும் இல்லை. நாள் முழுக்க டிக் இருக்கிறது, வாடிக்கையாளர் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே வருகிறார். இரண்டும் ஒரே நாளில் நடக்கின்றன.

"உள்ளே நுழைந்தபோது எப்படி இருந்தது?" என்று கேட்கிற அட்டை வேறு மாதிரி வேலை செய்யும். அதை எப்படி அமைப்பது, அதற்குப் பின்னால் என்ன வேலை நடக்க வேண்டும் என்பதை ஓர் உதாரணத்தில் வைத்துப் பார்த்தால் எளிதாகப் புரியும்.

சென்னை–திருச்சி சாலையில், விக்கிரவாண்டி தாண்டி ஒரு நடுத்தரச் சைவ உணவகம் என்று வைத்துக்கொள்வோம். ஆண்கள் பக்கம் நான்கு யூரினல், இரண்டு கம்மோடு. பெண்கள் பக்கம் மூன்று அறைகள். மதியம் 1:05க்கு ஒரு சுற்றுலாப் பேருந்து வந்து நிற்கிறது. அதில் பதினைந்து பெண்கள் இருந்தால் ஒரு அறைக்கு ஐந்து பேர். ஆளுக்கு மூன்று நிமிடம் என்றால் கால் மணி நேரம் அந்த மூன்று கதவுகளும் மூடித் திறந்துகொண்டே இருக்கும். ஒவ்வொருவரும் ஹெல்த் ஃபாசெட்டைப் பிடித்து வைக்கும்போது கொஞ்சம் தண்ணீர் தரையில் விழும். ஐந்தாவது ஆள் உள்ளே போகும்போது தரை குளமாக இருக்கும், அதில் செருப்பு மண் கரைந்து சேறாகியிருக்கும்.

அட்டையோ மணிக்கு ஒருமுறை சுத்தம் என்கிறது. 1 மணிக்குச் செய்தாயிற்று, அடுத்தது 2 மணிக்கு. இடையில் 1:30க்கு வரும் இன்னொரு பேருந்துக்காரர்கள் பார்ப்பது முந்தைய பேருந்து விட்டுப்போன குளத்தை. அட்டைப்படி எதுவும் தவறவில்லை.

ஆகவே முதலில் மாற வேண்டியது இடைவெளி. காலை டிபன் நேரம், மதியச் சாப்பாட்டு நேரம், இரவு எட்டு மணியை ஒட்டிய நேரம் ஆகிய மூன்றிலும் இருபது நிமிடத்துக்கு ஒரு சுற்று வேண்டும். மற்ற நேரங்களில் ஒரு மணிக்கு ஒன்று போதும். இதற்கு மேல் ஒரு விதி: பேருந்து கிளம்பியதும், கடிகாரம் என்ன சொன்னாலும், ஒரு சுற்று. பேருந்து கிளம்பியது முதலில் தெரிவது பார்க்கிங்கில் விசில் ஊதும் வாட்ச்மேனுக்குத்தான். அவர் உள்ளே தலையை நீட்டி ஒரு வார்த்தை சொன்னால் போதும், வேறு எந்த ஏற்பாடும் தேவையில்லை.

சுற்று என்று சொல்வது ஆறேழு நிமிட வேலை. அதற்குள் தேய்த்துக் கழுவ முடியாது, முயலவும் கூடாது. அடுத்த ஆள் கால் வைக்கத் தகுந்த நிலைக்கு அறையைக் கொண்டுவருவது மட்டுமே அதன் நோக்கம். வாசலில் மஞ்சள் பலகையை வைத்துவிட்டு உள்ளே போனதும் முதலில் செய்ய வேண்டியது எழுதுவது. துடைத்த பிறகு எழுதினால் பார்த்தது மறந்துபோகும், எல்லாம் சரி என்று கை தானாக எழுதிவிடும்.

பிறகு மூன்று அறைகளிலும் ஃப்ளஷ் செய்து, கம்மோடின் உள்விளிம்பில் பாத்ரூம் கிளீனரை ஊற்றி விட்டுவிட வேண்டும். ஹவுஸ்கீப்பிங் ஆட்கள் இந்த திரவங்களை 'ஆர் ஒன்', 'ஆர் டூ' என்று டாஸ்கி நிறுவனத்தின் எண்களை வைத்தே அழைப்பார்கள். ஆர் ஒன் என்பது பாத்ரூம் பரப்புகளுக்கான கிளீனர், ஆர் சிக்ஸ் என்பது கம்மோடுக்கான அமிலம். கூட்ட நேரத்தில் கையில் எடுக்க வேண்டியது ஆர் ஒன். அது ஊறும் நேரத்தில் குப்பைக் கூடையைக் காலி செய்து புது கவர் போடலாம், சோப்பும் டிஷ்யூவும் பார்க்கலாம். அடுத்து மஞ்சள் துணியால் கண்ணாடி, வாஷ்பேசின், குழாய்கள். அதற்குப் பிறகு கைபடும் இடங்கள்: தாழ்ப்பாள், ஃப்ளஷ் பொத்தான், ஹெல்த் ஃபாசெட்டின் பிடி, வெளிக்கதவின் கைப்பிடி. கடைசியாகச் சிவப்புத் துணியை எடுத்துக் கம்மோடின் இருக்கையும் விளிம்பும். சிவப்புத் துணி கம்மோடைத் தொட்ட பிறகு வேறு எதையும் தொடக் கூடாது. மடித்த துணியின் புதுப் பக்கத்தைத் திருப்பிக்கொண்டு வாஷ்பேசினுக்குப் போகிறவர்கள் உண்டு. நிறத்தைப் பிரித்து வைப்பதே அந்தக் கையைத் தடுக்கத்தான்.

தரை எப்போதும் கடைசி. நம் ஊர்க் கழிப்பறைகளைப் பற்றி வரும் புகார்களில் பாதிக்கு மேல் அழுக்கைப் பற்றியவை அல்ல என்பது என் அனுபவம். ஈரத்தைப் பற்றியவை. சேலைத் தலைப்பையும் பேண்ட் காலையும் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டியிருக்கிறது என்பதுதான் குறை. ஆகவே வைப்பரால் தண்ணீரை வடிகாலை நோக்கித் தள்ளிய பிறகு வேலை முடிந்ததாக நினைக்கக் கூடாது. வைப்பர் எப்போதும் ஒரு மெல்லிய ஈரப்படலத்தை விட்டுவிட்டுத்தான் போகும், வழுக்குவது அதில்தான். நன்றாகப் பிழிந்த மாப்பால் இன்னொரு முறை போக வேண்டும். இந்த மாப்பும் வாளியும் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போகவே கூடாது. பல இடங்களில் ஒரே மாப் இரண்டு இடத்துக்கும் போகிறது. ஃபினாயில் வாசனை அடிப்பதால் யாரும் சந்தேகப்படுவதில்லை.

வாசனையைப் பற்றிச் சொல்லும்போது பாச்சா உருண்டையையும் சொல்லிவிட வேண்டும். யூரினலில் நான்கு, வாஷ்பேசினில் இரண்டு என்று போட்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. அது எதையும் சுத்தம் செய்வதில்லை. மூக்குக்கு வேறு வேலை கொடுக்கிறது, அவ்வளவுதான். போதாக்குறைக்கு, எங்கே நாற்றம் பிறக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டியவரின் மூக்கையும் அது கெடுத்துவிடுகிறது.

யூரினலில் நாற்றம் பிறக்கும் விதம் இது. சிறுநீரில் உள்ள யூரியாவை பாக்டீரியாக்கள் உடைத்து அம்மோனியாவாக மாற்றுகின்றன. காரத்தன்மை ஏறும்போது சிறுநீரிலும் தண்ணீரிலும் உள்ள கால்சியம், மெக்னீசியம் உப்புகள் படிகமாகி ஒட்டிக்கொள்கின்றன. போர்வெல் உப்புத் தண்ணீர் உள்ள இடங்களில் இது இன்னும் வேகமாக நடக்கும். யூரினலின் உள்விளிம்பிலும் அடியில் உள்ள ஓட்டையைச் சுற்றியும் மஞ்சளும் பழுப்புமாக ஒரு பொருக்கு பார்த்திருப்பீர்களே, அதுதான். அது நுண்துளைகள் நிறைந்தது. சிறுநீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு பாக்டீரியாவுக்கு வீடாகவும் இருக்கும். தண்ணீர், சோப்பு, பிளீச் எதற்கும் அது கரையாது. அமிலத்துக்கு மட்டுமே கரையும்.

அந்த வேலைக்கு உரிய நேரம் இரவு, கடை சாத்திய பிறகு. கையுறை போட்டு, எக்ஸாஸ்ட் ஃபேனை ஓடவிட்டு, ஆர் சிக்ஸ் வகை அமிலத்தை பிரஷ்ஷால் உள்விளிம்பின் அடியில் தடவிப் பத்து நிமிடம் விட வேண்டும். ஊற்றிய உடனே தேய்ப்பவர்கள் அமிலத்தையும் வீணாக்கி முழங்கையையும் வீணாக்குகிறார்கள். பத்து நிமிடம் கழித்துத் தேய்த்தால் பொருக்கு மாவாக உதிரும். இருமுறை ஃப்ளஷ் செய்து முடிக்கலாம். பல மாதப் பொருக்கு ஒரே இரவில் போகாது, நான்கைந்து இரவுகள் தொடர்ந்து செய்ய வேண்டியிருக்கும். அமிலத்தைக் கம்மோடும் யூரினலும் தாண்டி எங்கும் கொண்டுபோகக் கூடாது. டைல்ஸ் இடுக்கில் உள்ள சிமெண்டை அது அரித்துவிடும், அந்தப் பள்ளத்தில் அழுக்கு நிரந்தரமாகக் குடியேறும். மார்பிள் வெளுக்கும், குழாயின் பளபளப்பும் போகும்.

அமிலமும் பிளீச்சும் சந்திக்கவே கூடாது. இரண்டும் கலந்தால் குளோரின் வாயு வரும். சின்ன அறையில் அது தொண்டையையும் நுரையீரலையும் எரித்துவிடும். "ரெண்டையும் சேர்த்து ஊத்துனா இன்னும் நல்லா போகும்" என்று எந்தப் புண்ணியவானோ எப்போதோ சொன்னதை நம்பி இன்றும் சிலர் செய்கிறார்கள். அப்படி நடந்து கண் எரிந்தால், மேலே எதையும் ஊற்றாமல் கதவைத் திறந்துவிட்டு வெளியே வந்துவிட வேண்டும். பாதுகாப்பான வழி, ஒரு இரவு அமிலம், மறு இரவு பிளீச் என்று நாளைப் பிரித்துவிடுவது. பிளீச் என்றால் 5 சதவீத ஹைபோகுளோரைட் திரவம். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 20 மில்லி போதும். அழுக்கை முதலில் சோப்பால் கழுவிவிட்டுத்தான் அதைத் தடவ வேண்டும், இல்லாவிட்டால் அழுக்கோடு சண்டை போட்டே அதன் வீரியம் தீர்ந்துவிடும். தடவிப் பத்து நிமிடம் ஈரமாக இருக்க வேண்டும். கலந்த கரைசல் அன்றைக்கு மட்டும்தான், நேற்றுக் கலந்து மீந்ததில் வாசனை இருக்கும், வேலை செய்யாது.

சோப்பு டப்பாவைப் பற்றி ஒரு வரி. தீர்ந்துபோகும் போலிருக்கும்போது தண்ணீர் கலந்து ஆட்டிவிடுவதும், பழைய சோப்பின் மேலேயே புதியதை ஊற்றிக்கொண்டே போவதும் எல்லா ஊரிலும் நடக்கிறது. அந்த நீர்த்த சோப்பில் பாக்டீரியா வளரும். கை கழுவப் போனவர் அதைத்தான் பூசிக்கொண்டு வருவார். காலியாக விட்டு, கழுவி, காயவைத்து, பிறகு நிரப்புவதே முறை.

இனி அட்டைக்கு வருவோம். நான் பரிந்துரைக்கும் அட்டையில் நேரம் அச்சிடப்பட்டிருக்காது. அச்சிட்ட நேரம்தான் பொய்க்கு முதல் அழைப்பு. வெற்றுக் கட்டத்தில் கடிகாரத்தைப் பார்த்து எழுத வேண்டும். உண்மையான அட்டையில் 1:07, 1:26, 1:52 என்று கோணல்மாணலாக இருக்கும். ஒரு நாள் முழுக்க 1:00, 1:20, 1:40 என்று இருந்தால் சூப்பர்வைசருக்கு அங்கேயே சேதி தெரிந்துவிடும்.

கட்டங்கள் ஐந்து போதும்: தரை, கம்மோடு, நாற்றம், தீர்ந்துபோனவை, ரிப்பேர். பதினைந்து கட்டம் வைத்தால் யாரும் பார்த்து எழுத மாட்டார்கள். முதல் மூன்றுக்கும் மூன்றே எழுத்து. ந என்றால் நல்லா இருந்தது, சு என்றால் சுமார், மோ என்றால் மோசம். நுழைந்தபோது இருந்த நிலை அது. மோ போட்டவரைத் திட்டினால் மறுநாளிலிருந்து அட்டை முழுக்க ந மட்டுமே இருக்கும் என்பதை முதலாளி மறக்கக் கூடாது. பெண்கள் பக்கத்து அட்டையில் ஒரு மதியம் இப்படி இருக்கலாம்:

12:48 – தரை ந, கம்மோடு ந, நாற்றம் ந
1:22 – தரை மோ, கம்மோடு சு, நாற்றம் ந. டிஷ்யூ இல்லை
1:41 – தரை மோ, கம்மோடு ந, நாற்றம் ந. 2வது அறை ஃபாசெட் ஒழுகுது
4:10 – தரை ந, கம்மோடு ந, நாற்றம் மோ

இந்த நான்கு வரியே எவ்வளவோ சொல்கிறது. 1:22க்கும் 1:41க்கும் தரை மோசம் என்றால் இருபது நிமிட இடைவெளியும் போதவில்லை, அல்லது ஒழுகும் ஃபாசெட் காரணமாக இருக்கலாம். அதை மாற்றிவிட்டுப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். கடைசி வரியைத்தான் கவனிக்க வேண்டும். ஆளே இல்லாத 4:10க்கு, தரையும் கம்மோடும் நன்றாக இருக்கும்போது, நாற்றம் மட்டும் ஏன்?

ஒரு நாள் என்றால் விட்டுவிடலாம். ஒரு வாரத்து ஏழு அட்டைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது, காலை 11 மணி வாக்கிலும் மாலை நான்கைச் சுற்றியும் மட்டும் நாற்றக் கட்டத்தில் மோ வந்துகொண்டே இருந்தால், கூட்ட நேரத்தில் அது மறைந்தும் போனால், காரணம் வாடிக்கையாளர்கள் அல்ல. டிக் அட்டையில் இது என்றைக்கும் தெரிந்திருக்காது.

தேட வேண்டிய இடம் தரை வடிகால். பிளம்பர்கள் நானி ட்ராப் என்பார்கள். ஜாலியைத் தூக்கினால் உள்ளே கவிழ்த்த கிண்ணம் போல ஒன்று இருக்கும். அந்தக் கிண்ணத்தின் விளிம்பு தண்ணீருக்குள் அமிழ்ந்திருப்பதால்தான் சாக்கடைக் காற்று மேலே வராமல் நிற்கிறது. முடியும் டிஷ்யூவும் அதில் சிக்கித் தண்ணீர் மெதுவாக வடியும்போது, கூட்ட நேர அவசரத்தில் யாராவது அந்தக் கிண்ணத்தைக் கழற்றி ஓரமாக வைத்துவிடுவார்கள். தண்ணீர் சட்டென்று வடியும், எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் அந்த நிமிடத்திலிருந்து சாக்கடைக்கும் அறைக்கும் நடுவில் வெறும் ஜாலிதான்.

கூட்ட நேரத்தில் நாற்றம் ஏன் இல்லை என்பதற்குப் பதில் எக்ஸாஸ்ட் ஃபேனில் இருக்கிறது. ஃபேன் அறைக் காற்றை வெளியே இழுக்கிறது, அந்த அளவுக்குக் காற்று எங்கிருந்தாவது உள்ளே வர வேண்டும். ஆட்கள் போய்வந்துகொண்டிருக்கும்போது கதவு வழியாக வருகிறது. ஆள் இல்லாதபோது, தானாக மூடிக்கொள்ளும் கதவு இறுக்கமாக இருந்தால், மிச்சமிருக்கும் வழி அந்த ஜாலிதான். நாற்றத்தைப் போக்க வைத்த ஃபேனே சாக்கடைக் காற்றை இழுத்துக் கொடுக்கிறது.

இதைச் சோதிக்க ஒரு மெல்லிய பாலித்தீன் கவர் போதும். கதவைச் சாத்தி, ஃபேனைப் போட்டு, கவரை ஜாலியின் மேல் பரப்பி ஓரங்களை டேப்பால் ஒட்ட வேண்டும். கவர் பூரி மாதிரி உப்பினால் காற்று கீழிருந்து வருகிறது. கிண்ணத்தைத் தேடியெடுத்துச் சுத்தம் செய்து மாட்டி, ஒரு வாளி தண்ணீர் ஊற்றிவிட்டு மறுபடி பார்த்தால் கவர் படுத்துக் கிடக்கும். கதவின் அடியில் அரை அங்குல இடைவெளி விட்டால் ஃபேனுக்கும் நேர்வழியில் காற்று கிடைக்கும். கிண்ணம் உடைந்திருந்தால் கடையில் புதிதாக வாங்கிப் போடலாம், பெரிய செலவில்லை. அதற்கு முன் எத்தனை டப்பா ரூம் ஃப்ரெஷ்னர் வாங்கித் தீர்த்திருப்பார்கள் என்று கணக்குப் பார்த்தால் முதலாளிக்கு வலிக்கும். கிண்ணத்தைக் கழற்றி முடியை எடுத்து மறுபடி மாட்டுவது இரவு வேலைப் பட்டியலில் ஒரு வரியாக ஏறிவிட வேண்டும்.

ரிப்பேர் கட்டத்தின் கதை தனி. துப்புரவு செய்கிறவர் எழுதுவார், யாரும் பார்க்க மாட்டார்கள். மூன்றாம் நாள் சூப்பர்வைசர் உள்ளே வந்து, "ஏங்க்கா, ரெண்டாவது ரூம்ல தண்ணி ஒழுகுதே, சொல்லக் கூடாதா?" என்பார். "திங்கக்கிழமையே எழுதி வச்சேன் தம்பி, யாரு படிச்சா?" என்று பதில் வரும். இந்த உரையாடலுக்கு இடம் கொடுக்காமல் இருக்க, ரிப்பேர் கட்டத்துக்குப் பக்கத்திலேயே 'பார்த்தவர், சரிசெய்த தேதி' என்று ஒரு கட்டம் வேண்டும். அதில் கையெழுத்துப் போட வேண்டியவர் சூப்பர்வைசர். காலியாக இருந்தால் கேள்வி அவரைத்தான் கேட்க வேண்டும்.

சூப்பர்வைசர் எத்தனை மணிக்கு வருவார் என்று யாருக்கும் தெரியக் கூடாது. ஒரு நாளில் மூன்று முறை போதும், அதில் ஒன்றாவது கூட்டத்தின் நடுவில் இருக்க வேண்டும். வந்தால் கண்ணாடியைப் பார்க்க வேண்டாம், அதை எல்லோரும் துடைத்துவிடுவார்கள். கம்மோடு இருக்கை பின்னால் மாட்டியிருக்கும் போல்ட்டைச் சுற்றி, வாஷ்பேசினின் அடிப்பக்கம், கதவுக்குப் பின்னால் உள்ள மூலை, இந்த மூன்றையும் குனிந்து பார்த்தால் போதும். பிறகு தன் பங்குக்கு ந, சு, மோ எழுத வேண்டும். சற்று முன் எழுதியவரின் ந-வுக்கும் இவருடைய மோ-வுக்கும் தொடர்ந்து பொருந்தாமல் போனால், அப்போது பேச வேண்டியது வேறு பேச்சு.

சுற்று தவறினால் அந்த வரி இல்லாமலேயே போகட்டும், பிறகு நிரப்பச் சொல்லக் கூடாது. 12:48க்கு அடுத்து 2:35 என்று இருந்தால் நடுவில் ஐந்து சுற்று காணோம். விசாரித்தால் பெரும்பாலும் ஒரே காரணம்தான் வரும்: மூன்று பேருந்து ஒன்றாக வந்தது, டேபிள் துடைக்க ஆள் போதவில்லை, "அக்காவ கொஞ்சம் இங்க அனுப்புங்க" என்று யாரோ கூப்பிட்டுவிட்டார்கள். கழிப்பறையைத் துடைத்த அதே கையோடு, அதே உடையோடு சாப்பாட்டு மேசைக்கு ஒருவரை அனுப்பியிருக்கிறார்கள் என்பது கணக்குப்பிள்ளைக்கோ முதலாளிக்கோ தெரிய வேறு வழியே கிடையாது. அந்த இடைவெளி மாதத்தில் நான்கு ஞாயிறும் வந்தால், ஞாயிறு மதியத்துக்கு இன்னொரு ஆள் போட வேண்டும்.